'பாரோ மீ யுவர் சார்ஜர்': ஆபீஸில் உதவி கேட்கும்போது மாறிப்போகும் வினைகள்

ஆபீஸ் சாட்டில் இப்படி ஒரு மெசேஜ் வருவதாக வைத்துக்கொள்வோம்: 'டேக் யுவர் லேப்டாப் அண்ட் கம் டு த மீட்டிங் ரூம். பாரோ மீ யுவர் சார்ஜர் ஆல்ஸோ. டெல் டு ரவி தட் த மீட்டிங் இஸ் அட் த்ரீ.' நம் ஊர்க்காரருக்கு எல்லாம் புரிந்துவிடும். மனதில் ஓடிய தமிழ் அப்படியே இங்கிலீஷில் இறங்கியிருக்கிறது, அவ்வளவுதான். வெளிநாட்டு டீமில் இருப்பவர்தான் இரண்டாவது வாக்கியத்தில் திகைத்து நிற்பார்.

முதல் வாக்கியத்துக்கு வருவோம். 'டேக்' என்றால் 'எடு' என்று பள்ளியில் படித்தது மனதில் நின்றுவிட்டது. அதனால் 'எடுத்துக்கிட்டு வாங்க' என்று நினைத்ததும் 'டேக் அண்ட் கம்' என்று வாய் போகிறது. நாம் இரண்டு வினைகளால் சொல்வதை 'பிரிங்' ஒற்றை ஆளாகச் சொல்லிவிடும்: 'ப்ளீஸ் பிரிங் யுவர் லேப்டாப் டு த மீட்டிங் ரூம்.' ஆகவே 'எடு'வை விட்டுவிட்டுத் தமிழ் வாக்கியம் எதில் முடிகிறது என்று பாருங்கள். 'வா' என்றால் பிரிங், 'போ' என்றால் டேக். எதிரில் இருப்பவரின் இடத்துக்குப் போவதையும் நாம் 'வரேன்' என்றுதானே சொல்கிறோம்? இங்கிலீஷும் இதில் நம் கட்சிதான். 'உங்க சீட்டுக்கே கொண்டு வரேன்' என்பது 'ஐ வில் பிரிங் இட் டு யுவர் டெஸ்க்'.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. 'பிரிங் த ரிப்போர்ட் டு த மீட்டிங்' என்று எழுதினால், அந்த மீட்டிங்கில் நீங்களும் இருப்பீர்கள் என்று படிப்பவர் நினைப்பார். 'டேக் த ரிப்போர்ட் டு த மீட்டிங்' என்றால், நீங்கள் வரப்போவதில்லை போலிருக்கிறது என்று எடுத்துக்கொள்ள இடம் உண்டு. அமெரிக்கர்கள் சிலர் பேச்சில் 'டேக்' வர வேண்டிய இடத்திலும் 'பிரிங்' போடுவார்கள். அதைத் திருத்தப் போக வேண்டாம்.

அடுத்தது சார்ஜர். வாங்குபவர் செய்வது பாரோ, கொடுப்பவர் செய்வது லெண்ட். கேள்வி 'கேன் ஐ' என்று தொடங்கினால் 'பாரோ', 'கேன் யூ' என்று தொடங்கினால் 'லெண்ட் மீ'. 'பாரோ' பக்கத்தில் 'மீ' வரவே வராது. யாரிடமிருந்து என்று சொல்ல 'ஃப்ரம்' போட வேண்டும். கொடுத்த பிறகு சொல்லும்போதும் இதே குழப்பம்தான். ரவிக்குக் கொடுத்துவிட்டு 'ஐ பாரோட் மை சார்ஜர் டு ரவி' என்கிறார்கள். 'ஐ லெண்ட் இட் டு ரவி' என்பதே சரி. 'லெண்டட்' என்று ஒரு சொல் கிடையாது; நடந்து முடிந்ததற்கு எழுத்தில் கடைசி 'd' எழுத்து 't' ஆக மாறும்.

திருப்பித் தரும் எண்ணம் இல்லாத பொருளுக்கு இரண்டுமே வேண்டாம். ஒரு தாள் வேண்டுமென்றால் 'கேன் ஐ ஹேவ் எ ஷீட் ஆஃப் பேப்பர்?' போதும். அடுத்தவர் இடத்தில் உள்ள பிரின்டரிலேயே ஒரு பக்கம் எடுக்க வேண்டுமென்றால் 'கேன் ஐ யூஸ் யுவர் பிரின்டர்?'.

அதிகம் சறுக்குவது மூன்றாவதில்தான். தமிழில் 'சொல்' ஒன்றே எல்லாவற்றுக்கும் போதும். 'ரவிகிட்ட சொல்லுங்க' என்பதில் உள்ள 'கிட்ட', 'டெல் டு ரவி' என்று போய் ஒட்டிக்கொள்கிறது. 'டெல்' அடுத்து நேராகக் கேட்பவரின் பெயர் வேண்டும், நடுவில் 'டு' கூடாது: 'டெல் ரவி தட் த மீட்டிங் இஸ் அட் த்ரீ.' 'சே' இதற்கு நேர் எதிர். அதற்குக் கேட்பவர் கட்டாயமில்லை. சொல்லியே தீர வேண்டுமென்றால் 'டு' வேண்டும். அதனால் 'ப்ளீஸ் சே மீ த ஸ்டேட்டஸ்' தவறு, 'டெல் மீ' சரி. ஸ்டேட்டஸ் மெயில்களில் வரும் 'ஹி டோல்ட் தட் த சர்வர் இஸ் டவுன்' இதே பிழையின் மறுபக்கம். யாரிடம் சொன்னார் என்பது அதில் இல்லை. 'ஹி செட் தட்' என்றோ 'ஹி டோல்ட் மீ தட்' என்றோ எழுத வேண்டும்.

'அவரை வரச் சொல்லுங்க' என்பதை மாற்றும்போது 'சே ஹிம் டு கம்' வராது. 'டெல் ஹிம் டு கம்' என்பதே இலக்கணப்படி சரி. ஆனால் அது கட்டளை. 'மேனேஜரை அப்ரூவ் பண்ணச் சொல்லுங்க' என்று தமிழில் சொன்னால் யாருக்கும் உறுத்தாது. 'டெல் த மேனேஜர் டு அப்ரூவ் இட்' என்று மெயிலில் போனால், மேனேஜருக்கே உத்தரவு போட்ட மாதிரி இருக்கும். அங்கே 'டெல்'லை எடுத்துவிட்டு 'ஆஸ்க்' போடுங்கள்: 'குட் யூ ஆஸ்க் த மேனேஜர் டு அப்ரூவ் இட்?'