காகிதப் பாலத்தில் டேப் எங்கே ஒட்டக் கூடாது?

இரண்டு புத்தக அடுக்குகளை 20 செ.மீ. தள்ளி வைத்து, ஓர் ஏ4 தாளும் ஒரு முழம் செல்லோ டேப்பும் கொடுத்துப் பாலம் கட்டச் சொன்னால், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளின் கை முதலில் டேப்பைத்தான் தேடும். தாளின் மேல்பக்கம் முழுக்க வரிவரியாக ஒட்டிவிடுவார்கள். அதில் எடைதான் கூடும். டேப்பை இழுத்தால் தாங்கும், நெருக்கித் தள்ளினால் சுருண்டுவிடும். பாரம் ஏறியதும் பாலத்தின் மேல்பக்கம் நெருக்கப்படும், அடிப்பக்கம் இழுபடும். அதனால் டேப்புக்கு வேலை அடியில்தான்.

தட்டைத் தாளை நிமிர்த்துவது மடிப்பு. ஸ்கேலைப் படுக்கவைத்து அழுத்தினால் வளைகிறது, பக்கவாட்டில் நிறுத்தி அழுத்தினால் வளைவதில்லை. விசிறி மடிப்பு தாளை அப்படி நிறுத்திவைக்கிறது. இதில் பலரும் செய்யும் தவறு, மடிப்புக்கோடுகளை ஆற்றின் குறுக்கே போடாமல் கரையோடு இணையாகப் போடுவது. அப்போது ஆர்மோனியப் பெட்டியின் துருத்திபோல நடுவில் தொங்கிவிடும். கோடுகள் ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு ஓட வேண்டும்.

திசை சரியாக இருந்தும் விழுகிற பாலங்கள் உண்டு. எங்கள் மன்றத்தில் ஒரு குழு அழகாக மடித்திருந்தது. பத்துப் பதினைந்து நாணயத்திலேயே சரிந்தது. “டீச்சர், தாள் மெலிசு” என்றார்கள். மறுபடி பாரம் ஏற்றச் சொல்லி, எல்லோரையும் குனிந்து பாலத்தின் முனைப்பக்கமிருந்து பார்க்க வைத்தேன். தாள் எங்குமே கிழியவில்லை. மடிப்புகள் பக்கவாட்டில் விரிந்து, பாலம் அகலமாகி, உயரம் குறைந்து, தட்டைத் தாளாகிக்கொண்டிருந்தது. அடிப்பக்கத்து மடிப்பு முனைகளைச் சேர்த்துக் குறுக்காக மூன்று துண்டு டேப் ஒட்டினார்கள், நடுவில் ஒன்று, இரு கரையருகே ஒவ்வொன்று. அதே தாள் முப்பதைத் தாண்டியது. விழுந்த பாலத்தை உடனே கசக்கி எறிந்திருந்தால் இது கண்ணில் பட்டிருக்காது.

பெரியவர்கள் செய்யும் தவறுகளும் இருக்கின்றன. நாணயங்களை நேரே மடிப்பின்மேல் வைத்தால் சில பள்ளத்தில் சரியும், சில ஓரத்தில் நிற்கும். நடுவில் ஒரு காகிதக் கப் வைத்து அதில் ஒவ்வொன்றாக மெல்லப் போடலாம். மேலிருந்து போட்டால் அதிர்ச்சியிலேயே பாலம் போய்விடும். எண்ணிக்கையையும் நம்ப முடியாது. பழைய வெள்ளி நிற ஐந்து ரூபாய்களில் 9 கிராம் எடையுள்ளவை உண்டு, மஞ்சள் நிறத்தவற்றில் 6 கிராம் எடையுள்ளவை உண்டு. கலந்து எண்ணினால் சண்டைதான். பாலத்தின் முனைகளைப் புத்தகத்தோடு ஒட்டலாமா என்பதையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஒட்டினால் வளைந்த பிறகும் தாள் தொட்டில்போலத் தொங்கித் தாங்கும்; அது வேறு போட்டி.

கோபுரம் கட்டும் நாளில் தாளைப் பென்சில் அளவுக்கு இறுகச் சுருட்டாதீர்கள். எடை வைத்தால் நடுவில் வளையும். நாலைந்து செ.மீ. விட்டமுள்ள குழாய் போதும், அடிவிளிம்பை மட்டும் கத்தரியால் நேராக வெட்டிவிடுங்கள். சாய்வு தொடங்குவது பெரும்பாலும் அங்கேதான்.