ஜூனியர் டிரேடர் வேலைக்கு கவர் லெட்டர்: கணிதம் படித்தவர்கள் எதை எழுத வேண்டும்?

"நிகழ்தகவில் எனக்கு ஆர்வம் அதிகம், ஒழுக்கமாக வேலை செய்வேன்." கணிதம் முடித்துவிட்டு ப்ராப் டிரேடிங் நிறுவனத்துக்கு விண்ணப்பிக்கிறவர்கள் இப்படித்தான் ஆரம்பிக்கிறார்கள். அந்த லெட்டரைப் படிக்கிறவரோ தினமும் லாப நஷ்டக் கணக்கு பார்க்கிற ஆள். அவருக்கு எண் வேண்டும்.

படி 1: டிரேட் நோட்டை எடுங்கள்

ஒரு டிரேடில் அதிகபட்சம் இவ்வளவுதான் இழப்பேன் என்று முன்கூட்டியே வைத்த தொகையை R என்று வைத்துக்கொள்ளுங்கள். அது ₹500 என்றால் ₹1,000 லாபம் 2R. ரூபாயை விட்டு R-ல் எழுதினால் உங்கள் முதலீடு சின்னது என்பது ஒரு பொருட்டாக இருக்காது.

ஒரு உதாரணம்: மொத்தம் 120 டிரேட், அதில் 50 தலா 2R லாபம், 67 தலா 1R நஷ்டம், மீதி 3 தலா 3R நஷ்டம்.

```
100 - 67 - 9 = +24R
24 / 120 = 0.2R
```

படி 2: அந்த 0.2-ஐ நீங்களே சந்தேகப்படுங்கள்

கணிதம் படித்தவர் என்று காட்ட வேண்டிய இடம் இதுதான். இந்த 120 டிரேடின் திட்ட விலக்கம் சுமார் 1.55R, அதை √120-ஆல் வகுத்தால் திட்டப்பிழை சுமார் 0.14R வருகிறது. அதாவது சராசரி லாபம் திட்டப்பிழையைப் போல ஒன்றரை மடங்குகூட இல்லை, வெறும் அதிர்ஷ்டமாகவும் இருக்கலாம். அதை மறைக்காமல் இப்படி எழுதுங்கள்:

> "120 டிரேடில் என் சராசரி லாபம் 0.2R, திட்டப்பிழை 0.14R. என் முறை வேலை செய்கிறது என்று சொல்ல இது போதாது என்பதை அறிவேன்."

படி 3: ஒழுக்கத்துக்கு விலை போடுங்கள்

அந்த 3R நஷ்டங்கள் எப்படி வந்தன? விலை ஸ்டாப்லாஸை நெருங்கியபோது, திரும்பிவிடும் என்று நம்பி அதைக் கீழே நகர்த்தியதால். நகர்த்தாமல் இருந்திருந்தால் அவையும் தலா 1R-ல் முடிந்து, மொத்தம் 30R வந்திருக்கும்.

> "மூன்று முறை விதியை மீறினேன். அதற்கு 6R போனது, வந்திருக்க வேண்டிய லாபத்தில் ஐந்தில் ஒரு பங்கு. அதன் பிறகு ஆர்டர் போடும்போதே ஸ்டாப்லாஸும் போட்டுவிடுகிறேன், நஷ்டம் கூடும் பக்கம் அதை நகர்த்துவதில்லை."

அந்த மூன்றையும் கணக்கிலிருந்து தூக்கிவிட்டு சராசரியை அழகாக்கத் தோன்றும். தயவுசெய்து செய்யாதீர்கள், நோட்டைக் கேட்டால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். கடைசி வரியில் சொன்னதும் உண்மையாக இருந்தால் மட்டும் எழுதுங்கள்.

படி 4: அனுப்பும் முன்

ஒரு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம். படித்த பாடங்களின் பட்டியல் ரெஸ்யூமேயில் இருக்கட்டும். அப்புறம் ஒரு கேள்விக்குத் தயாராக இருங்கள்: "சரி, எத்தனை டிரேட் இருந்தால் நம்புவீர்கள்?" சராசரி இதே 0.2R-ல் நின்று, அது திட்டப்பிழையைப் போல இரண்டு மடங்காக வேண்டும் என்றால்:

```
(2 × 1.55 / 0.2)² ≈ 240
```

இப்போது இருப்பதைப் போல இரண்டு மடங்கு.