ஏ.டி.எம். புகாருக்கு வங்கி தரும் முதல் பதில்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாதத்தின் 3ஆம் தேதி, வெள்ளிக்கிழமை இரவு ஏழே முக்கால் மணி. வாடிக்கையாளர் ஒருவர் தமது வங்கி அட்டையை வேறொரு வங்கியின் ஏ.டி.எம்.மில் செருகி 10,000 ரூபாய் கேட்கிறார். உள்ளே நோட்டுகளை எண்ணும் ஓசை கேட்கிறது. ஆனால் பணம் வெளியே வரவில்லை. சிறிது நேரத்தில் கணக்கிலிருந்து 10,000 ரூபாய் கழிக்கப்பட்டதாகக் குறுஞ்செய்தி மட்டும் வருகிறது. மறுநாள் பிற்பகல் மூன்றரை மணிக்குத் தம் கணக்கு உள்ள கிளைக்குச் சென்று எழுத்து மூலம் புகார் கொடுக்கிறார். புகார் கிடைத்த 24 மணி நேரத்துக்குள் ஒப்புகை அனுப்புவதாக அந்த வங்கி அறிவித்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இத்தகைய புகாரில் முதல் பதில் எங்கே தவறிப்போகிறது என்பதை, வங்கியில் புகார்களைக் கையாண்ட அனுபவத்திலிருந்து எழுதுகிறேன்.

முதல் தவறு, நேரத்தை எங்கிருந்து எண்ணுவது என்பதிலேயே தொடங்குகிறது. சனிக்கிழமை கொடுத்த கடிதம் மேசையில் இருக்கிறது. ஞாயிறு விடுமுறை. திங்கள் காலை பதினொரு மணிக்கு ஒருவர் அதைக் கணினியில் பதிவு செய்கிறார். மாலை ஐந்து மணிக்கு ஒப்புகை போகிறது. கணினியின் கணக்குப்படி ஆறு மணி நேரத்தில் பதில் அளித்தாயிற்று. வாடிக்கையாளரின் கணக்கில் அது இரண்டு நாளைத் தாண்டிவிட்டது, அவர் எண்ணுவதே சரி. புகார் கிளைக்கு வந்த நேரமே தொடக்கம். கணினியில் ஏறிய நேரம் வங்கியின் உள்விவகாரம். ஆகவே கடிதத்தைப் பெறும்போதே தேதியும் நேரமும் குறித்து முத்திரையிட்டு, அதே நேரத்தைக் கணினியிலும் பதிய வேண்டும். வேலை நாள் கணக்கில்தான் பதில் தர இயலும் என்றால், வாக்குறுதியையே அப்படி எழுதியிருக்க வேண்டும்.

இதில் ஒரு நாள் பிசகினாலும் பொருட்படுத்த வேண்டிய காரணம் உண்டு. ஏ.டி.எம்.மில் பணம் வராமல் கணக்கில் கழிக்கப்பட்டால், பரிவர்த்தனை நடந்த நாளிலிருந்து 5 நாட்களுக்குள் வங்கி அதைத் திரும்ப வரவு வைக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கியின் 2019 செப்டம்பர் சுற்றறிக்கை கூறுகிறது. அவை விடுமுறைகளும் சேர்ந்த நாட்காட்டி நாட்கள். நம் எடுத்துக்காட்டில் கெடு புதன்கிழமை, 8ஆம் தேதி. திங்கள் மாலை ஒப்புகை போகும்போது அதில் மூன்று நாட்கள் கழிந்துவிட்டன.

இரண்டாவது தவறுதான் எனக்கு மிகவும் கவலை தருவது: ஒப்புகையிலேயே தீர்ப்பை எழுதிவிடுவது. புகாரைப் பெற்ற ஊழியர் திரையில் அந்தப் பரிவர்த்தனையைத் தேடுகிறார். அது வெற்றி பெற்றதாகக் காட்டுகிறது. உடனே, “எங்கள் பதிவுகளின்படி தங்கள் பரிவர்த்தனை வெற்றிகரமாக நிறைவேறியுள்ளது” என்று பதில் போகிறது. அந்தத் திரை காட்டுவது, அட்டை வழங்கிய வங்கி பணம் கொடுக்க அனுமதி அளித்தது என்பதை மட்டுமே. அனுமதி கிடைத்த பிறகு நோட்டு உள்ளே சிக்கியிருக்கலாம், பாதித் தொகை மட்டும் வந்திருக்கலாம், வாயிலுக்கு வந்த நோட்டுகளை இயந்திரமே திரும்ப இழுத்துக்கொண்டிருக்கலாம். இவை எதையும் அந்த ஒரு வரியால் சொல்ல முடியாது. விசாரணைக்கு முன்பே இப்படி எழுதிவிட்டால், பிற்பாடு பணம் திரும்பும்போது வங்கி தன் கடிதத்தைத் தானே மறுக்க நேரிடும்.

அடுத்தது, விசாரணை என்ற சொல்லை வெறுமையாக விட்டுவிடுவது. “தங்கள் புகார் உரிய துறைக்கு அனுப்பப்பட்டுள்ளது, விரைவில் தீர்வு காணப்படும்” என்ற வாசகத்திலிருந்து வாடிக்கையாளர் எதையும் தெரிந்துகொள்ள முடியாது. அதனால் அவர் மறுநாளே தொலைபேசியில் அழைக்கிறார்; எடுப்பவரும் அதே வாசகத்தைப் படிக்கிறார். என்னென்ன பதிவுகளை யார் பார்க்கப் போகிறார்கள் என்பதைச் சொன்னால்தான் அது விசாரணையின் விளக்கம் ஆகும்.

இத்தகைய புகாரில் பார்க்க வேண்டியவை முக்கியமாக மூன்று. ஒன்று, இயந்திரத்தின் ஜர்னல் பதிவு: எத்தனை நோட்டுகள் எண்ணப்பட்டன, வாயிலுக்கு வந்தனவா, எடுக்கப்பட்டனவா, உள்ளே திரும்பினவா என்ற விவரம் அதில் வரிசையாக இருக்கும். இரண்டு, ரொக்கக் கணக்கு: வெளியே வராத 10,000 ரூபாய் இயந்திரத்துக்குள்தான் இருக்க வேண்டும் என்பதால், பணத்தை எண்ணிச் சரிபார்க்கும்போது அந்த அளவு உபரி தெரியும். மூன்று, கண்காணிப்புக் கேமரா பதிவு: வாயிலில் வந்த பணத்தை யார் எடுத்தார் என்ற ஐயம் எழும்போது இது தேவைப்படும். பழைய பதிவின் மேல் புதிய பதிவு ஏறிவிடும் என்பதால், இதைப் பாதுகாத்து வைக்கும்படி முதல் நாளிலேயே கேட்பது நல்லது.

இந்த மூன்றும் ஏ.டி.எம். யாருடையதோ அந்த வங்கியிடம் இருக்கின்றன. அட்டை வழங்கிய வங்கி, தேசியப் பணப் பரிவர்த்தனைக் கழகத்தின் வலையமைப்பு வழியாக அந்த வங்கியிடம் தொகையைக் கோருகிறது. அந்த வங்கி ஏற்றுக்கொள்ளலாம், அல்லது ஆதாரம் காட்டி மறுக்கலாம். இது வாடிக்கையாளருக்குத் தெரியாது. அதனால்தான் சில கிளைகள், “ஏ.டி.எம். எங்களுடையது அல்ல, அங்கே போய்க் கேளுங்கள்” என்று அனுப்பிவிடுகின்றன. இது பெருந்தவறு. எந்த வங்கியின் இயந்திரமானாலும், புகாரைப் பெற்று முடிவு சொல்ல வேண்டியது அட்டை வழங்கிய வங்கியே.

மேற்கண்ட வாடிக்கையாளருக்கு நான் எழுதினால், கடிதம் ஏறக்குறைய இப்படி இருக்கும்:

“4ஆம் தேதி பிற்பகல் 3.30 மணிக்குத் தாங்கள் அளித்த புகாரைப் பெற்றுக்கொண்டோம். 3ஆம் தேதி இரவு 7.45 மணியளவில் 10,000 ரூபாய் கேட்டபோது பணம் எதுவும் வரவில்லை என்றும், முழுத் தொகையும் கணக்கில் கழிக்கப்பட்டது என்றும் புரிந்துகொண்டுள்ளோம். இதில் பிழை இருந்தால் தெரிவிக்கவும். ஏ.டி.எம். மற்றொரு வங்கிக்கு உரியது. அந்த வங்கியிடம் ஜர்னல் பதிவையும் ரொக்கச் சரிபார்ப்பின் முடிவையும் இன்று கேட்டுள்ளோம். கேமரா பதிவைப் பாதுகாத்து வைக்கவும் கோரியுள்ளோம். தொகையைத் திரும்ப வரவு வைக்க வேண்டிய கடைசி நாள் 8ஆம் தேதி. அன்று மாலைக்குள், முடிவு கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், நிலையைத் தங்களுக்கு எழுதுவோம்.”

புகார் எண்ணும், பொறுப்பு அலுவலரின் பெயரும், நேரடித் தொலைபேசி எண்ணும் கீழே இருக்க வேண்டும். எந்தத் தொகை வரவில்லை என்பதைத் திருப்பிச் சொல்வது சடங்கு அன்று: 10,000 கேட்டு 7,000 வந்தவரும் ‘பணம் வரவில்லை’ என்றே எழுதுவதுண்டு, அப்போது கோர வேண்டிய தொகை 3,000 மட்டுமே. அடையாளத்துக்கு அட்டையின் கடைசி நான்கு இலக்கங்கள் போதும். முழு எண்ணையோ ரகசிய எண்ணையோ எந்தக் கடிதத்திலும் கேட்கக் கூடாது.

கடிதம் 8ஆம் தேதியைக் குறிப்பிட்டுவிட்டு அன்று மௌனமாக இருப்பது, குறிப்பிடாமலே இருந்ததைவிட மோசம். மற்ற வங்கியின் பதில் வராவிட்டால், வரவில்லை என்றே எழுதி, அடுத்த தேதியையும் சொல்ல வேண்டும். கெடு தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு. வாடிக்கையாளர் கேட்கும்வரை காத்திராமல் வங்கி தானாகவே அதைக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்பதும் அதே சுற்றறிக்கையில் இருக்கிறது. 12ஆம் தேதி பணம் திரும்பினால், 9 முதல் 12 வரை நான்கு நாட்களுக்கு 400 ரூபாயும் சேர்ந்து வர வேண்டும். இதை வாடிக்கையாளரிடம் சொல்லத் தயங்கும் கிளைகள் உண்டு. சொல்லாததால் அவருடைய உரிமை குறையாது. முப்பது நாட்களுக்குள் வங்கி பதிலளிக்காவிட்டாலோ, அளித்த பதில் நிறைவு தராவிட்டாலோ, அவர் cms.rbi.org.in வழியாக ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். அங்கே அவர் தம் புகாருடன் இணைக்கக்கூடிய கடிதங்களில் இந்த முதல் ஒப்புகையும் ஒன்று.