ஏடிபி கணக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நாகர்கோவிலில் உயிர்வேதியியல் டியூஷன் எடுக்கிறேன். இணைந்த வினைகள் பாடம் வந்தாலே விடைத்தாள்களில் ஒரே தவறுகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. படித்த காலத்தில் நானும் அதே வழியில் போனவன்தான். வினையைத் திருப்பி எழுதும்போது குறியை மாற்ற மறப்பது, ஜூலையும் கலோரியையும் குழப்புவது போன்றவற்றை இங்கே எழுதவில்லை. விடையைச் சரிபார்த்தாலே அவை தெரிந்துவிடும். மற்றவை அப்படித் தெரிவதில்லை.

கூட்டுத்தொகை மைனஸ் என்றால் வினை நடந்தது என்று எழுதுவது

பாடநூல் கணக்கு எல்லோருக்கும் தெரிந்ததுதான்:

```
குளுக்கோஸ் + பாஸ்பேட் → குளுக்கோஸ்-6-பாஸ்பேட் + நீர்    ΔG°′ = +13.8
ஏடிபி + நீர் → ADP + பாஸ்பேட்    ΔG°′ = −30.5
குளுக்கோஸ் + ஏடிபி → குளுக்கோஸ்-6-பாஸ்பேட் + ADP    ΔG°′ = −16.7
```

ADP என்பது ஒரு பாஸ்பேட் குறைந்த ஏடிபி. எண்கள் மோலுக்குக் கிலோஜூலில், 25 டிகிரியில், pH 7-ல். கூட்டல் சரிதான். தொடக்கமும் முடிவும் ஒன்றாக இருந்தால் எந்த வழியில் போனாலும் கட்டிலா ஆற்றல் மாற்றம் ஒன்றுதான். அதனால்தான் கூட்டவே முடிகிறது. ஆனால் மேலே உள்ள இரண்டு வரிகளும் தாளில் மட்டும் இருப்பவை. ஏடிபி முதலில் நீரால் பிளந்து, ஆற்றலை வெளியே விட்டு, அதைக் குளுக்கோஸ் வாங்கிக்கொள்கிறது என்று இவற்றைப் படிப்பதுதான் எனக்கு இன்றும் எரிச்சல் தரும் தவறு.

மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து இரண்டு எம்.எஸ்சி. மாணவர்கள் புராஜெக்ட் முடிவோடு வந்தார்கள். குளுக்கோஸ் கரைசலில் ஏடிபியைப் போட்டு, ஏடிபியை நீரால் பிளக்கும் ஒரு நொதியைச் சேர்த்திருக்கிறார்கள். பிறகு பாஸ்பேட்டை அளந்தார்கள். 1925-இல் பிஸ்கேயும் நம் சுப்பாராவும் வெளியிட்ட அதே மாலிப்டேட் முறைதான். நீல நிறம் நேரம் ஆக ஆகக் கூடியது. இணைப்பு நடந்துவிட்டது என்று முடிவு எழுதிவிட்டார்கள்.

"சார், கூட்டினா மைனஸ் பதினாறு புள்ளி ஏழு தானே வருது?"

"வருது மக்ளே. குளுக்கோஸ்-6-பாஸ்பேட்டை அளந்தீங்களா?"

அளக்கவில்லை. அதற்குரிய டீஹைட்ரஜனேஸ் நொதியையும் என்ஏடிபி-யையும் சேர்த்து 340 நானோமீட்டரில் பார்க்கச் சொன்னேன். குளுக்கோஸ்-6-பாஸ்பேட் இருந்தால் அங்கே ஒளி உட்கவர்தல் ஏறும். ஏறவில்லை. விலை கொடுத்து வாங்கிய ஏடிபி முழுவதும் வெந்நீர் போடுவதற்குப் பயன்பட்டது போலக் கரைசலைச் சற்றே சூடாக்கிவிட்டுப் போயிருந்தது. அவர்கள் கண்ட நீல நிறமே இணைப்பு நடக்கவில்லை என்பதற்குச் சான்று: இந்த வினையின் உண்மையான இணைப்பில் தனிப் பாஸ்பேட் வெளியே வரவே வராது.

இதை எண்ணில் பார்த்துவிடலாம். குளுக்கோஸ் 5 மில்லிமோலார், ஏடிபி 5 மில்லிமோலார் என்று இரண்டு குழாய்களில் ஒரே கலவையை எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் குழாயில் ஏடிபியைப் பிளக்கும் நொதி ஒன்று, குளுக்கோஸையும் பாஸ்பேட்டையும் சேர்க்கக்கூடிய நொதி ஒன்று. ஏடிபி கிட்டத்தட்ட முழுதும் பிளந்து 5 மில்லிமோலார் பாஸ்பேட் தரும். +13.8-க்கு உரிய சமநிலை மாறிலி 0.0038. அதை 0.005 × 0.005 ஆல் பெருக்கினால் கிடைக்கும் குளுக்கோஸ்-6-பாஸ்பேட் ஏறத்தாழ 0.1 மைக்ரோமோலார். ஐம்பதாயிரம் குளுக்கோஸில் ஒன்று.

இரண்டாவது குழாயில் ஹெக்ஸோகைனேஸ் மட்டும், அதற்குத் தேவையான மக்னீசியத்தோடு. −16.7-க்கு உரிய மாறிலி சுமார் 850. இரண்டு வினைபொருளும் சம அளவில் இருப்பதால் அதன் வர்க்கமூலம் போதும்: விளைபொருளுக்கும் மிச்சத்துக்கும் உள்ள விகிதம் 29. அதாவது குளுக்கோஸில் 97 விழுக்காடு மாறிவிடுகிறது.

கலவை ஒன்று, கூட்டுத்தொகை ஒன்று. வேறுபட்டது வழி மட்டுமே. ஹெக்ஸோகைனேஸ் குளுக்கோஸைப் பிடித்ததும் இரு மடல்களையும் மூடிக்கொள்கிறது; குளுக்கோஸின் ஆறாவது கார்பனில் உள்ள ஹைட்ராக்சில், ஏடிபியின் கடைசிப் பாஸ்பரஸை நேரடியாகத் தாக்குகிறது. பாஸ்பேட் தொகுதி கைமாறுகிறது. நீர் இதில் கலந்துகொள்வதே இல்லை. சுண்ணாம்பு தடவாத கலயத்தில் பதநீர் கள்ளாகும்போது ஈஸ்ட்டுக்குள் நடப்பது இதுதான். ஆறாவது கார்பன் இல்லாத சைலோஸைக் கொடுத்துப் பார்த்தால் நொதி ஏமாறுகிறது: சைலோஸ் பள்ளத்தில் உட்காரும், ஹைட்ராக்சில் இருக்க வேண்டிய இடத்தில் நீர் வந்து நிற்கும், ஏடிபி வீணாகப் பிளந்துபோகும்.

ஆகவே கூட்டுவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இரண்டு வரிகளையும் ஒரே நிகழ்வாகச் செய்யும் நொதி எது, பாஸ்பேட் எதன்மேல் போய் உட்காருகிறது? குளூட்டமேட் அமோனியாவோடு சேர்ந்து குளூட்டமின் ஆவதைப் பாருங்கள். தனியே +14.2, ஏடிபியோடு −16.3. விளைபொருளில் பாஸ்பேட்டே இல்லாததால், பாஸ்பேட் எங்கும் உட்காரவில்லை என்று தோன்றும். ஆனால் குளூட்டமேட்டின் கார்பாக்சிலில் ஆக்சிஜன்-18 வைத்துப் பார்த்தபோது அந்த ஆக்சிஜன் கடைசியில் வெளியேறும் பாஸ்பேட்டில் இருந்தது. முதலில் குளூட்டமைல் பாஸ்பேட் உருவாகிறது, பிறகுதான் அமோனியா வந்து பாஸ்பேட்டைத் தள்ளுகிறது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

சமநிலை மாறிலிகளைக் கூட்டுவது

ΔG-க்களைக் கூட்டினால் மாறிலிகளைப் பெருக்க வேண்டும்.

"பிணைப்பு உடைந்து ஆற்றல் வருகிறது"

எந்தப் பிணைப்பை உடைக்கவும் ஆற்றல் செலவாகும். லாபம், விளைபொருள்கள் நீரில் அதிக நிலைப்போடு இருப்பதால் வருவது.

மைனஸ் என்றால் வேகம்

இல்லை. நொதி இல்லாத நடுநிலைக் கரைசலில் ஏடிபி மெதுவாகத்தான் பிளக்கும்.

ஒரு வரிக்குச் செல்லின் எண், மறு வரிக்குப் புத்தகத்தின் எண்

−30.5 என்பது எல்லாம் 1 மோலார் இருக்கும் திட்ட நிலைக்கு உரியது. ஏடிபி 5, ADP 0.5, பாஸ்பேட் 5 மில்லிமோலார் என்று வைத்தால் அது சுமார் −49.3 ஆகிறது. இது தெரிந்த மாணவர்கள் அந்த −49.3-ஐ எடுத்து அப்படியே +13.8-ஓடு கூட்டிவிடுகிறார்கள். அது செல்லின் நிலையும் இல்லை, திட்ட நிலையும் இல்லை. மேல்நோக்கிய வரியையும் அதே செறிவுகளில் கணக்கிட வேண்டும்: குளுக்கோஸ் 5, பாஸ்பேட் 5, குளுக்கோஸ்-6-பாஸ்பேட் 0.1 மில்லிமோலார் என்றால் +17.2 வருகிறது. கூட்டுத்தொகை −32.1.

இப்போது பாஸ்பேட்டை மட்டும் 50 என்று மாற்றிக் கணக்கிட்டுப் பாருங்கள். ஏடிபி வரி −43.6 ஆகக் குறையும், குளுக்கோஸ் வரி +11.5 ஆக இறங்கும், கூட்டுத்தொகை −32.1-லிருந்து அசையாது. ஹெக்ஸோகைனேஸின் வினையில் தனிப் பாஸ்பேட் இல்லாததால், எவ்வளவு பாஸ்பேட் சுற்றி இருந்தாலும் அதற்கு ஒன்றுதான்.