தம்பி எதற்கு வந்தான் என்று அவன் வாயால் சொல்ல வேண்டாம்

போன மாதம் ஈரோட்டில், நாடகம் எழுதப் பழகுகிற சிலரின் காட்சிகளைப் படித்தேன். எல்லாம் இரண்டே பேர் பேசுபவை. நான் முதல் நாடகத்தில் செய்த அதே கோளாறு முக்கால்வாசிப் பேரிடம் இருந்தது. வசனம் நீளுவதெல்லாம் எழுத எழுதச் சரியாகும். இது ஆகாது.

மறைத்ததைக் கடைசியில் கொட்டிவிடுவது

என் காட்சி இதுதான். திருப்பூரில் பனியன் கம்பெனி வேலையில் இருக்கும் தம்பி, தோட்டத்தில் தன் பங்கைக் கேட்க வருகிறான். சட்டைப் பையில் மடித்த சிட்டா நகல் எட்டிப் பார்க்கிறது. அண்ணன் கண்ணில் அது பட்டுவிடுகிறது.

"மோட்டாருக்குக் காயில் கட்டியாச்சுங்களாண்ணா?"

"கட்டியாச்சு. இன்னும் பத்து வருசத்துக்குக் கவலையில்ல."

(தம்பி பாதிக் காப்பியோடு டம்ளரைக் கீழே வைக்கிறான்.)

"சரிங்க."

அந்தப் 'பத்து வருசம்'தான் மறுப்பு. வந்ததிலிருந்து வாய்க்கு வாய் அண்ணா என்றவன் வெறும் 'சரிங்க' என்கிறானே, அது அவனுடைய பதில். காட்சி அங்கேயே நடந்து முடிந்துவிட்டது. எனக்குத்தான் நம்பிக்கையில்லை. "என் பங்கைக் குடுக்க உங்களுக்கு மனசில்லை, அதானே?" என்று அடுத்த வரியில் எழுதித் தொலைத்தேன். நாடகம் மேடையேறியபோது, அதுவரை முன்னால் குனிந்து கேட்டுக்கொண்டிருந்த சனம் அந்த வரியில் நாற்காலியில் சாய்ந்ததை ஓரமாக நின்று பார்த்தேன். கேள்வி வெளியே வந்தால் அண்ணன் ஆமாம் என்றோ இல்லை என்றோதான் சொல்ல முடியும். அப்புறம் ரெண்டு பக்கம் பஞ்சாயத்து. இன்றைக்கு நினைத்தாலும் எரிச்சல் வருகிறது.

பிறகு அந்த ரெண்டு பக்கத்தையும் அடித்துவிட்டு இதை வைத்தேன்:

"தேங்காய் பத்து எடுத்துட்டுப் போ."

"பையில எடமில்லீங்க."

அண்ணன் தேங்காயைக் கொடுத்துக் கணக்கை முடிக்கப் பார்க்கிறான், தம்பி வாங்க மறுக்கிறான். யாரும் நிலத்தின் பேரை எடுக்கவில்லை.

இப்படிக் கொட்டிவிடுகிற வரியை வெட்டலாமா என்று தெரியாவிட்டால், கதை தெரியாத ஒருவரிடம் அந்த வரியில்லாமல் படித்துக் காட்டுங்கள். தம்பிக்கு என்ன வேண்டும் என்று கேளுங்கள். "பங்கு கேட்க வந்திருக்கான்" என்றால் வெட்டுங்கள். "ஏதோ மனஸ்தாபம்" என்று மட்டும் சொன்னால் தகவல் போதவில்லை. அதை முன்னாடியே வையுங்கள், சிட்டா மாதிரி, கண்ணுக்குத் தெரிகிற பொருளாக. மௌனத்துக்கு நடுவே செருகினால் விளக்கவுரை ஆகிவிடும்.

வரிக்கு வரி மூன்று புள்ளி

அதை நடிக்க முடியாது.

பக்கத்துக்கு நாலு '(மௌனம்)'

ஒன்று போதும். அதற்கும் கைவேலை வேண்டும். அண்ணன் பேசிக்கொண்டே மட்டை உரிக்கட்டும். தம்பி 'சரிங்க' என்றதும் கை நிற்கட்டும். '(மௌனம்)' என்று எழுதவே வேண்டியிருக்காது.