பலசரக்குக் கடை எக்செல் கணக்கு: லாபத்தை நஷ்டமாகக் காட்டும் தவறுகள்

அம்பாசமுத்திரம் பக்கம் எங்கள் தெருமுனையில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி, டிசம்பர் மாதக் கணக்கை எக்செல்லில் போட்டுவிட்டு என்னைக் கூப்பிட்டார். கடைசிக் கட்டத்தில் -13,900 என்று நின்றது. "தம்பி, நட்டம்னுல்லா காட்டுது. அப்பம் நான் தெனமும் எங்கேருந்து சோறு திங்கேன்?"

நியாயமான கேள்வி. கடை அந்த மாதம் 17,100 ரூபாய் லாபத்தில் ஓடியிருந்தது. ஷீட்டில் கூட்டல் பிழை ஒன்றும் இல்லை. எதை எதிலிருந்து கழிப்பது என்பதில்தான் கோளாறு.

அவர் போட்டிருந்தது இதுதான். விற்பனை 1,86,000. அதிலிருந்து சரக்கு வாங்கிய பில்கள் 1,84,000, கடை வாடகை, கரண்ட் பில், லோடு ஆட்டோ எல்லாம் சேர்த்து 6,900, வீட்டுச் செலவுக்குக் கல்லாவிலிருந்து எடுத்த 9,000. மூன்றையும் கழித்தால் 13,900 துண்டு விழத்தான் செய்யும்.

முதலில் அந்த 9,000. கடைக்காரர் வீட்டுக்கு எடுக்கும் பணம் கடையின் செலவு ஆகாது. கடை சம்பாதித்ததிலிருந்து அவர் எடுத்துக்கொள்ளும் பங்கு அது. தனிப் பத்தியில் எழுதுங்கள், லாபக் கணக்கில் கழிக்காதீர்கள். வீட்டம்மா கடையிலிருந்து எடுத்துப் போகும் உளுந்தையும் எண்ணெயையும் அன்றன்றே எழுத வேண்டும் என்று சிலர் சொல்வார்கள். சிறு கடைக்கு அது குழப்பம். மாத முடிவில் வாங்கிய விலையில் மொத்தமாக ஒரு தொகை போட்டு, அதைக் கொள்முதலில் குறைத்துக்கொண்டால் போதும்.

பெரிய தவறு கொள்முதலில் இருந்தது. டிசம்பர் கடைசி வாரத்தில் பொங்கலுக்கென்று பச்சரிசி, வெல்லம், கருப்பட்டி, நெய் எல்லாம் எடுத்து அடுக்கியிருந்தார். அந்தப் பணம் செலவாகவில்லை, மூட்டையாகக் கடையில் நிற்கிறது. ஆகவே கழிக்க வேண்டியது வாங்கிய சரக்கின் விலையை அல்ல, விற்றுப்போன சரக்கின் விலையை. மாத ஆரம்ப இருப்போடு கொள்முதலைக் கூட்டி, மாத இறுதி இருப்பைக் கழித்தால் அது வரும்.

டிசம்பர் 1 அன்று கடையில் இருந்த சரக்கு 70,000. 31 இரவு 92,000. அப்படியென்றால் விற்றுப்போன சரக்கின் அசல் 70,000 + 1,84,000 - 92,000, அதாவது 1,62,000. விற்பனை 1,86,000-இல் அதைக் கழித்தால் 24,000, கடைச் செலவு 6,900 போக 17,100. ஷீட்டில் B5 விற்பனை, B6 ஆரம்ப இருப்பு, B7 கொள்முதல், B8 இறுதி இருப்பு, B9 செலவு என்று வைத்தால்:

```
=B5-(B6+B7-B8)-B9
```

கொள்முதலை பில் தேதிப்படி எழுதுங்கள், பணம் கொடுத்த தேதிப்படி அல்ல. டவுனில் மொத்தக் கடைக்காரர் பதினைந்து நாள் தவணை கொடுத்தாலும், சரக்கு இறங்கிய மாதத்தில்தான் அது சேர வேண்டும்.

இருப்பு எடுக்கும்போது அட்டையில் அச்சிட்ட எம்.ஆர்.பி.யைப் போடுகிறவர்கள் நிறைய. 34 ரூபாய்க்கு வாங்கிய சோப்பை 40 என்று எழுதினால், விற்காத சோப்புக்கே ஆறு ரூபாய் லாபம் வந்துவிடும். அண்ணாச்சி முதலில் அப்படித்தான் 1,05,000 என்று எழுதிக்கொண்டு வந்தார். லாபம் 13,000 கூடியிருக்கும், கல்லாவில் ஒரு பைசா கூடியிருக்காது. வாங்கிய விலையைத்தான் போட வேண்டும். எலி கடித்த பருப்பையும் நாள் கடந்த பிஸ்கட்டையும் எண்ணவே கூடாது.

அடுத்தது தினசரி விற்பனை. இரண்டு ரூபாய் மிட்டாயிலிருந்து எல்லாவற்றையும் எழுதிக்கொண்டிருக்க எந்தக் கடையிலும் முடியாது. அதனால் ராத்திரி கல்லாவை எண்ணி, காலையில் இருந்ததைக் கழித்து, அதுதான் விற்பனை என்று எழுதிவிடுகிறார்கள். பகலில் கல்லாவிலிருந்து போனதையும், விற்காமலே உள்ளே வந்ததையும் மறந்துவிடுகிறார்கள்.

ஒரு நாளைப் பார்ப்போம். காலையில் கல்லாவில் 1,500, ராத்திரி 4,320. வித்தியாசம் 2,820. ஆனால் பால், தயிர்க்காரருக்குக் கல்லாவிலிருந்து கொடுத்தது 1,240, சில்லறைச் செலவு 160, வீட்டுக்கு 300. இவை மூன்றும் விற்று வந்த பணமே, கூட்ட வேண்டும். பற்று நோட்டில் பழைய பாக்கி 700 வசூலானது. அது போன மாதமே விற்றது, கழிக்க வேண்டும். ஆக ரொக்க விற்பனை 3,820. ஜிபேயில் வந்தது 1,950, அன்று கடனுக்குக் கொடுத்தது 640. மொத்தம் 6,410. வெறும் 2,820 எங்கே, இது எங்கே.

```
=C2-B2+D2+E2+F2-G2+H2+I2
```

தேதி A-யில் இருக்க, காலைக் கல்லா B, இரவுக் கல்லா C, அதன்பின் சரக்குக்குக் கொடுத்தது, செலவு, வீடு, பாக்கி வசூல், ஜிபே, கடன் என்று I வரை போகும். மொத்த விற்பனை J. பாக்கி ஜிபேயில் வந்தாலும் அதை G-யில் எழுதிவிடுங்கள். H-இல் அன்று ஜிபேயில் வந்த முழுத்தொகையும் இருக்கட்டும். கல்லாவிலிருந்து கொடுத்த D, கல்லா கணக்குக்கு மட்டும்தான். அந்த பில்லும் கொள்முதல் ஷீட்டில் இருக்கும் என்பதால், D-யையும் மாதக் கொள்முதலில் சேர்த்தால் ஒரே சரக்கு இரண்டு தடவை கழியும்.

இவ்வளவும் சரிசெய்த பிறகு, மாத விற்பனையைக் கையால் அடிக்காமல் Daily என்ற தினசரி ஷீட்டிலிருந்து பார்முலாவில் எடுத்தோம். 1,31,000 என்றுதான் வந்தது. பார்முலா சரியாக இருந்தது:

```
=SUMIFS(Daily!J:J,Daily!A:A,">="&B1,Daily!A:A,"<"&EDATE(B1,1))
```

B1-இல் 01-12-2025. ஆனால் 55,000 ரூபாயைக் காணவில்லை. அண்ணாச்சி மகள் பள்ளி விடுமுறையில் ஒன்பது நாள் எழுதியிருந்தாள். நோட்டில் எழுதுகிற மாதிரியே 23.12.2025 என்று புள்ளி வைத்து. அவர்கள் கம்ப்யூட்டரில் எக்செல் அதைத் தேதியாக எடுக்கவில்லை, வெறும் எழுத்தாக வைத்துக்கொண்டது. பார்த்தால் தேதி மாதிரிதான் இருக்கும். ஆனால் செல்லின் இடது ஓரத்தில் ஒட்டி நிற்கும், உண்மைத் தேதி வலது ஓரத்தில் நிற்கும். ஐயம் இருந்தால் ஒரு காலிக் கட்டத்தில் இதை அடியுங்கள்:

```
=COUNT(Daily!A2:A32)
```

31 வர வேண்டிய இடத்தில் எங்களுக்கு 22 வந்தது. தேதிப் பத்தியைத் தேர்ந்து, Data-வில் Text to Columns போய், மூன்றாம் படியில் Date: DMY கொடுத்து Finish அழுத்தினோம். ஒன்பது நாளும் வலப்பக்கம் நகர்ந்தன, விற்பனை 1,86,000 ஆனது. அதே வியாதி தொகையிலும் வரும்: 350/- என்று அடித்தால் SUM அதைத் தாண்டிப் போய்விடும், பிழை என்றுகூடச் சொல்லாது.

மகள் "நான் ஒழுங்காத்தானப்பா எழுதுனேன்" என்று முகத்தைத் தூக்கிக்கொண்டு போனாள். அண்ணாச்சி ஜனவரி ஷீட்டில் ஆரம்ப இருப்புக் கட்டத்தில் 92,000 அடித்தார்.