பெர்பெரினும் ஏஎம்பிகேயும்: சர்க்கரை குறையும் விதத்தைப் புரிந்துகொள்வதில் நேரும் தவறுகள்

மரமஞ்சளின் தண்டுக்கும் வேருக்கும் மஞ்சள் நிறத்தைத் தரும் ஆல்கலாய்டுகளில் முதன்மையானது பெர்பெரின். (சமையலுக்குப் பயன்படும் மஞ்சளில் இது கிடையாது, மஞ்சள்தூள் கலந்த பாலைக் குடித்துவிட்டுப் பெர்பெரினின் பலனை எதிர்பார்ப்பதில் பொருளில்லை.) இப்போது மாத்திரையாகவும் கேப்ஸ்யூலாகவும் விற்கப்படும் இதன் விளம்பரங்களில், ‘செல்லின் ஆற்றல் உணரியான ஏஎம்பிகேயைத் தூண்டி இரத்தச் சர்க்கரையைக் குறைக்கிறது’ என்ற வாசகம் தவறாமல் இடம்பெறுகிறது. வாசகம் பொய்யல்ல. ஆனால் அது தாங்க முடியாத முடிவுகளையெல்லாம் அதன் மேல் ஏற்றிவிடுகிறார்கள்.

முதல் தவறு, பெர்பெரின் நேரே சென்று ஏஎம்பிகே என்னும் விசையை அழுத்துகிறது என்று எண்ணுவது. உண்மையில் நடப்பது சற்றுச் சுற்றுவழியானது. செல் தனக்கு வேண்டிய ஆற்றலை ஏடிபி என்னும் மூலக்கூறாக மைட்டோகாண்ட்ரியாவில் தயாரிக்கிறது. அந்தத் தயாரிப்புச் சங்கிலியின் முதல் கட்டமான ‘காம்ப்ளக்ஸ் 1’ஐப் பெர்பெரின் ஓரளவு முடக்குகிறது என்பதை 2008இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. ஏடிபி குறையும்போது, அது செலவானபின் எஞ்சும் ஏஎம்பி செல்லில் கூடுகிறது. கூடிய ஏஎம்பி வந்து ஒட்டிக்கொண்டதும் ஏஎம்பிகே நொதி விழித்துக்கொண்டு, ஆற்றலைச் செலவழிக்கும் வேலைகளைக் குறைத்து, ஆற்றலைத் தரும் வேலைகளைக் கூட்டுகிறது. தசைச் செல் கூடுதலான குளுக்கோஸை உள்ளே இழுக்கிறது. கல்லீரலில் கொழுப்பு உருவாவதும் புதிய குளுக்கோஸ் உருவாவதும் மட்டுப்படுகின்றன. ஆகவே ஏஎம்பிகே தூண்டப்படுவது, செல்லுக்கு ஒரு சிறு ஆற்றல் தட்டுப்பாடு உண்டாக்கப்பட்டதன் விளைவு. இதை மனத்தில் கொண்டால், ‘எவ்வளவு தூண்டுகிறோமோ அவ்வளவு நல்லது’ என்று தாங்களாகவே அளவைக் கூட்டுபவர்களின் கணக்கு எங்கே பிசகுகிறது என்பது விளங்கும்.

இரண்டாவது தவறுதான் மிகப் பரவலானது. படித்தவர்களும் இதில் விழுகிறார்கள். ஆய்வகத் தட்டில் வளர்க்கப்பட்ட செல்களில் கண்டதை, மாத்திரை விழுங்கியவரின் உடலிலும் அப்படியே நடப்பதாக எடுத்துக்கொள்வது அது. செல் ஆய்வுகளில் பெர்பெரினைப் பெரும்பாலும் 10 மைக்ரோமோலார் அளவையொட்டிப் பயன்படுத்துகிறார்கள். எடைக் கணக்கில் இது ஒரு மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ 3,360 நானோகிராம். மனிதர்களுக்கு 400 மில்லிகிராம் பெர்பெரினை ஒரே வேளையாகக் கொடுத்து அளந்தபோதோ, இரத்தத்தில் எட்டிய உச்ச அளவு ஒரு மில்லிலிட்டருக்குச் சுமார் 0.4 நானோகிராம்தான். தட்டில் செல் கண்டது இரத்தத்தில் ஓடியதைவிட எண்ணாயிரம் மடங்குக்கும் மேல். விழுங்கியதில் நூற்றில் ஒரு பங்குகூட இரத்தத்தைச் சென்றடைவதில்லை. குடற்சுவர்ச் செல்கள் உள்ளே வந்ததில் ஒரு பகுதியைத் திரும்பக் குடலுக்கே தள்ளிவிடுகின்றன, எஞ்சியதில் பெரும்பகுதியைக் குடலும் கல்லீரலும் வேறு பொருள்களாக மாற்றிவிடுகின்றன.

இதனால் பெர்பெரின் வேலை செய்யாது என்று முடிவுகட்டுவதும் சரியாகாது. கல்லீரலில் அது இரத்தத்தில் இருப்பதைவிட அதிகமாகச் சேர்வதை விலங்குகளில் கண்டிருக்கிறார்கள். குடல் பாக்டீரியாக்கள் அதை டைஹைட்ரோபெர்பெரின் என்ற, எளிதில் உறிஞ்சப்படும் வடிவத்துக்கு மாற்றுகின்றன. உறிஞ்சப்பட்டபின் அது மீண்டும் பெர்பெரினாகிறது. எனினும், ஆய்வகத் தட்டின் அடர்த்தியைத் தாராளமாக எட்டும் இடம் குடலின் உட்பகுதிதான். சர்க்கரை குறைவதில் ஒரு பங்கு அங்கேயே, குடல் பாக்டீரியாக்களின் வழியாகவும் பித்த அமிலங்களின் வழியாகவும் நடக்கிறது என்று கருதக் காரணம் இருக்கிறது.

ஏஎம்பிகே தூண்டப்பட்டது, சர்க்கரையும் குறைந்தது. எனவே முன்னதால்தான் பின்னது நேர்ந்தது என்று முடிச்சுப் போடுவது இதை ஒட்டிய இன்னொரு தவறு. இதைச் சோதிக்க வழி உண்டு: ஏஎம்பிகேயை நீக்கிவிட்டுப் பெர்பெரினைக் கொடுத்துப் பார்க்க வேண்டும். 2014இல் வெளியான ஓர் ஆய்வில், கல்லீரல் வகைச் செல்களிலும் தசை வகைச் செல்களிலும் ஏஎம்பிகேயின் உற்பத்தியைக் குறைத்துவிட்டுப் பார்த்தபோதும், பெர்பெரின் செல்களின் குளுக்கோஸ் நுகர்வைக் கூட்டவே செய்தது. மைட்டோகாண்ட்ரியா முடங்கினால், செல் குளுக்கோஸை விரைந்து உடைத்து ஆற்றல் தேடுவதற்கு ஏஎம்பிகேயின் அனுமதி கட்டாயமில்லை. சர்க்கரை நோய்க்கு வழக்கமாகத் தரப்படும் மெட்பார்மின் மருந்திலும் இதே பாடம் கிடைத்தது: கல்லீரலில் ஏஎம்பிகே இல்லாத எலிகளிலும் அது குளுக்கோஸைக் குறைத்ததாக 2010இல் தெரியவந்தது. எனவே ஏஎம்பிகேயைப் பெர்பெரினின் வழிகளுள் ஒன்றாகச் சொல்லலாமே தவிர, ஒரே வழியாகச் சொல்லக் கூடாது.

இயங்குமுறை ஒத்திருப்பதால் மெட்பார்மினை நிறுத்திவிட்டு இதற்கு மாறலாம் என்பவர்கள் வழக்கமாகக் காட்டுவது 2008இல் சீனாவிலிருந்து வெளியான ஒரு சோதனையை. புதிதாகச் சர்க்கரை நோய் கண்டறியப்பட்ட 36 பேரில் ஒரு பகுதியினருக்குப் பெர்பெரின் 500 மில்லிகிராம் நாளைக்கு மூன்று வேளையும், மற்றவர்களுக்கு மெட்பார்மினும் மூன்று மாதம் தரப்பட்டன. பெர்பெரின் பிரிவில், கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி 9.5இலிருந்து 7.5க்கு இறங்கியது, மெட்பார்மினுக்கு நிகரான இறக்கம். பார்க்க வியப்பாக இருக்கும். ஆனால் அந்த ஒப்பீட்டில் வெற்று மாத்திரைப் பிரிவு இல்லை. நோய் இருப்பது புதிதாகத் தெரிந்தவர் சோற்றைக் குறைப்பார், நடக்கத் தொடங்குவார். அதனாலேயே ஒரு பங்கு இறங்கும். அந்தப் பங்கு எவ்வளவு என்பதை 2020இல் வெளியான, 409 புதிய நோயாளிகள் பங்கேற்ற சீனச் சோதனையில் காணலாம். அதில் 12 வாரத்தில் பெர்பெரின் பிரிவில் ஹெச்பிஏ1சி 0.99 புள்ளி குறைந்தது. வெற்று மாத்திரை பெற்றவர்களுக்கே 0.59 குறைந்தது. பெர்பெரினின் கணக்கில் சேர்வது 0.4 புள்ளி மட்டுமே. அது உண்மையான பலன்தான், இருந்தாலும், 9.5 இருப்பவர் வேறு மருந்தை விட்டுவிட்டு நம்பக்கூடிய அளவு அன்று. மேலும், கண், சிறுநீரகம், இதயம் ஆகியவற்றின் பாதிப்பை இது தடுக்கிறதா என்பதைச் சொல்லும் நீண்டகாலச் சோதனைகள், மெட்பார்மினுக்கு இருப்பதுபோல் இதற்கு இல்லை.

ஏஎம்பிகேயை மட்டுமே பார்த்துக்கொண்டிருப்பவர் தவறவிடும் இடம் மற்ற மருந்துகளோடு நேரும் மோதல். 300 மில்லிகிராம் வீதம் நாளைக்கு மூன்று வேளை இரண்டு வாரம் உட்கொண்ட ஆரோக்கியமான மனிதர்களில், மருந்துகளை உடைத்து வெளியேற்றும் மூன்று கல்லீரல் நொதிகளின் வேகம் குறைந்தது. அவற்றுள் ஒன்றான சிஒய்பி2சி9தான் கிளிமிபிரைடு மாத்திரையை உடைப்பது. காலையில் கிளிமிபிரைடு எடுக்கும் ஒருவர் யாரிடமும் சொல்லாமல் பெர்பெரினையும் சேர்த்துக்கொண்டால், ஒருபுறம் பெர்பெரினே சர்க்கரையைச் சற்றுக் குறைக்கும். மறுபுறம் கிளிமிபிரைடு உடலில் வழக்கத்தைவிட நெடுநேரம் தங்கி இன்சுலினைச் சுரக்கவைத்துக்கொண்டிருக்கக்கூடும். மதியச் சாப்பாடு தள்ளிப்போகும் நாளில் கை நடுக்கம், குப்பென வியர்வை, படபடப்பு, எரிச்சல் தோன்றினால், உடனே குளுக்கோமீட்டரில் பார்க்க வேண்டும்; 70க்குக் கீழே இருந்தால் மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். அதன்பின் இரண்டு மாத்திரைப் பட்டைகளையும் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் செல்ல வேண்டும். பெர்பெரின் சேர்ந்திருப்பது தெரியாவிட்டால், அவர் காரணத்தை வேறெங்கோ தேடிக்கொண்டிருப்பார்.

கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் இதைத் தொடவே கூடாது. மஞ்சள் காமாலையில் உடலை மஞ்சளாக்கும் பொருளான பிலிருபின், இரத்தப் புரதத்தில் ஒட்டியிருக்கும்; அதைப் பெர்பெரின் விடுவிக்கிறது. பிறந்த குழந்தைக்கு மஞ்சள் காமாலை இருக்கும் நேரத்தில் அது மூளையைப் பாதிக்கும் அளவுக்குப் போகலாம்.